வாடகை 42,000 வெள்ளி. வரி எத்தனை வெள்ளிக்கு?

தேக்கா சந்தைக்கு மேலே, பஃப்ளோ ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் வீவக புளோக்குகளில் ஒரு நான்கறை வீடு. உரிமையாளர் குடும்பம் வேறு இடத்தில் வசிக்கிறது. வீடு முழுவதும் மாதம் 3,500 வெள்ளிக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 42,000 வெள்ளி. மார்ச் மாதம் பிறந்ததும் வருமான வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். வாடகை என்ற கட்டத்தில் எந்தத் தொகை வரவேண்டும்?

42,000 என்று எழுதினால் தேவையில்லாமல் அதிக வரி கட்ட நேரிடும். மனம்போல் கழித்துவிட்டுச் சிறிய தொகையை எழுதினால் குறைத்துக் காட்டியதாகிவிடும். சரியான தொகை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. பல வீடுகளில் இந்தக் கணக்கு பிள்ளைகளிடம்தான் வந்து சேர்கிறது. பெற்றோர் சிங்பாஸ் வழியாக உள்ளே நுழைந்ததும், “இதைக் கொஞ்சம் பார்” என்று திரையைத் திருப்புவார்கள். கணக்கியல் படிக்கும் மாணவராக இருந்தால் தப்பிக்கவே முடியாது.

இந்த வீடும், பின்னால் வரப்போகும் இன்னொரு வீடும் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படுபவை. தொகைகளும் அப்படியே. ஆனால் விதிகளும் விகிதங்களும் உண்மையானவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சிங்கப்பூரில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று சொத்து வரி. இன்னொன்று வாடகையின்மீது விதிக்கப்படும் வருமான வரி. இரண்டையும் வசூலிப்பது உள்நாட்டு வருவாய் ஆணையம் என்பதால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சொத்து வரி என்பது வீட்டை வைத்திருப்பதற்கான வரி. வீடு காலியாகக் கிடந்தாலும் அதைக் கட்டவேண்டும். அந்தக் காலத்தில் முனிசிபாலிட்டி வீடுகளுக்குப் போட்ட வரியின் வழித்தோன்றல் அது. வருமான வரியோ வாடகை வருமானம் இருந்தால் மட்டுமே வரும்.

சொத்து வரி, வீட்டின் ‘ஆண்டு மதிப்பை’ வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாற்காலி, மேசை, குளிர்சாதனம் போன்றவற்றையும் பராமரிப்புக் கட்டணத்தையும் தவிர்த்துவிட்டு, அந்த வீட்டை ஓராண்டுக்கு விட்டால் எவ்வளவு வாடகை வரும் என்று ஆணையம் போடும் மதிப்பீடுதான் ஆண்டு மதிப்பு. உரிமையாளர் உண்மையில் வாங்கும் வாடகையும் இதுவும் ஒன்றாக இருக்காது. வீவக வீடுகளில் ஆண்டு மதிப்பு பெரும்பாலும் வாடகையைவிட மிகவும் குறைவு. நம் பஃப்ளோ ரோடு வீட்டுக்கு அது 13,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அதில் வசிக்கவில்லை. அதனால் 2024ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விகிதப்படி முதல் 30,000 வெள்ளி ஆண்டு மதிப்புக்கு 12 விழுக்காடு. ஆக, சொத்து வரி 1,560 வெள்ளி.

இனி வருமான வரிக்கு வருவோம். வாடகையை ஈட்டச் செய்த செலவை வாடகையிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. செலவைக் கழிக்க இரண்டு வழிகள் உள்ளன. உண்மையாகச் செலவான தொகையை ரசீதுகளோடு கணக்கிட்டுக் கழிப்பது ஒரு வழி. மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவு என்று அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழி 2016 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. குழாய் பழுதுக்கு வாங்கிய ரசீதைத் தேடி அலமாரியைக் கவிழ்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தியது. இந்த 15 விழுக்காடு குடியிருப்பு வீடுகளுக்கு மட்டுமே. சிராங்கூன் சாலையில் உள்ள கடையை வாடகைக்கு விட்டவர் உண்மைச் செலவைத்தான் காட்டவேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு மேல் தனியாகக் கழிக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அது வீட்டை வாங்கப் பெற்ற கடனுக்கான வட்டி. மாதத் தவணை முழுவதும் அல்ல, வட்டி மட்டும். நம் உரிமையாளர் வீவக கடனில் இன்னும் ஏறக்குறைய 140,000 வெள்ளி பாக்கி வைத்திருக்கிறார். வட்டி விகிதம் 2.6 விழுக்காடு. மாதம் 1,000 வெள்ளி தவணை கட்டுகிறார், ஆண்டுக்கு 12,000. அதில் வட்டி ஏறத்தாழ 3,600 வெள்ளி. மீதி 8,400 அசல். அசலைத் திருப்பிக் கட்டுவது செலவல்ல; வீடு அந்த அளவுக்குச் சொந்தமாகிறது, அவ்வளவுதான். ஆகவே 3,600 மட்டுமே கணக்கில் வரும். கடன் அறிக்கையில் வட்டியும் அசலும் தனித்தனியாக இருக்கும். தவணைத் தொகையைப் பார்த்து எழுதக்கூடாது. வீட்டை அடமானம் வைத்து வேறு தேவைக்கு, ஒரு தொழிலுக்கோ கல்யாணத்துக்கோ, பணம் எடுத்திருந்தால் அந்த வட்டி இதில் சேராது.

இப்போது கணக்கைப் போடலாம். 42,000இல் 15 விழுக்காடு 6,300. அதைக் கழித்தால் 35,700. வட்டி 3,600ஐக் கழித்தால் 32,100 வெள்ளி. இதுதான் வரிக்கு உட்படும் நிகர வாடகை.

“சொத்து வரி 1,560ஐக் கழிக்க மறந்துவிட்டீர்களே” என்று யாராவது கேட்பார்கள். மறக்கவில்லை. அந்த 15 விழுக்காட்டுக்குள்ளேயே சொத்து வரியும் அடங்கிவிட்டது. பழுதுபார்ப்பு, காப்புறுதி, நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம், வீட்டு முகவருக்குக் கொடுத்தது எல்லாமே அதற்குள் அடக்கம். 15 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டு சொத்து வரியையும் தனியாகக் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். நிகர வாடகை 30,540 என்று தவறாக வரும்.

இந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் வாடகை வருமானத்தைக் கணக்கிடும் முறையே அப்படித்தான். நம்மில் பலருக்குத் தஞ்சாவூரிலோ சென்னையிலோ குடும்ப வீடு இருக்கும். அங்கே உள்ள உறவினரோ கணக்காளரோ, “முதலில் வீட்டு வரியைக் கழி, பிறகு 30 சதவீதம் கழி” என்று சொல்லித் தந்திருப்பார். அங்கே அது முற்றிலும் சரி.

அந்த முறையையும் ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்துவிடலாம். சென்னையில் மாதம் 25,000 ரூபாய்க்கு விட்ட வீடு. ஆண்டு வாடகை 3,00,000 ரூபாய். உரிமையாளர் மாநகராட்சிக்கு அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரி 12,000. அதை முதலில் கழித்தால் 2,88,000. இதில் 30 சதவீதம், அதாவது 86,400, நிலையான கழிவு. மிச்சம் 2,01,600. வீட்டுக் கடன் வட்டி 80,000 என்றால் அதையும் கழித்து, வரிக்கு உட்படும் தொகை 1,21,600 ரூபாய். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். சொத்து வரியை உரிமையாளரே, அந்த ஆண்டுக்குள் உண்மையில் கட்டியிருக்கவேண்டும். பில் வந்தது, இன்னும் கட்டவில்லை என்றால் கழிக்க முடியாது. கட்டும் ஆண்டில்தான் கழிக்கலாம். இரண்டாவது, 30 சதவீதம் என்பது பேரம் இல்லாத தொகை. ஒரு ரூபாய்கூடப் பழுதுபார்க்கச் செலவிடாதவருக்கும் அதே 30 சதவீதம்தான். கூரையே மாற்றியவருக்கும் அதே 30 சதவீதம்தான். உண்மைச் செலவு அதிகம் என்று ரசீதைக் காட்டினாலும் பலனில்லை.

அந்த முறையைப் பஃப்ளோ ரோடு வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? 42,000இலிருந்து 1,560 போனால் 40,440. அதில் 30 விழுக்காடு 12,132. வட்டியையும் கழித்தால் 24,708 வெள்ளி வரும். சரியான தொகை 32,100. வித்தியாசம் 7,392 வெள்ளி. அவருடைய மற்ற வருமானம் 7 விழுக்காடு வரி விதிக்கப்படும் படியில் இருந்தால் ஏறக்குறைய 517 வெள்ளி வரி குறைத்துக் கட்டப்பட்டிருக்கும். தொகை சிறியதுதான். ஆனால் வேண்டுமென்றே செய்யாமல் கவனக்குறைவால் தவறான கணக்கு கொடுத்தாலும், குறைத்துக் கட்டிய வரியைப்போல் இரு மடங்குவரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இன்னொரு பயமும் சிலருக்கு இருக்கிறது. சென்னை வீட்டு வாடகையை இங்கே வரவழைத்தால் இங்கேயும் வரி உண்டா என்று கேட்பார்கள். தனிநபர் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் பொதுவாக இங்கே வரி இல்லை. அந்த வாடகைக்கான வரிக் கணக்கு இந்தியாவில்தான்.

சரி, 15 விழுக்காடா, உண்மைச் செலவா? பஃப்ளோ ரோடு வீட்டின் உண்மைச் செலவைக் கூட்டிப் பார்ப்போம். சொத்து வரி 1,560. சேவை, பராமரிப்புக் கட்டணம் மாதம் 80 வீதம் 960. குளிர்சாதனப் பராமரிப்பு 320. பழுதான வாட்டர் ஹீட்டரை மாற்றியது 400. மொத்தம் 3,240. இது 6,300இல் ஏறத்தாழப் பாதிதான். இவர் ரசீதே தேடவேண்டாம். 15 விழுக்காடுதான் அவருக்கு நல்லது. ஆண்டு மதிப்பு வாடகையைவிட வெகுவாகக் குறைந்து இருக்கும் வீவக வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

ஆனால் இதையே பொது விதியாக எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் 15 விழுக்காட்டைப் பரிந்துரைத்தால் சிலருக்கு நட்டம். கொஞ்ச தூரம் நடந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையப் பக்கம் போவோம். அங்கே ஒரு கூட்டுரிமை வீடு. மாத வாடகை 4,000, ஆண்டுக்கு 48,000 வெள்ளி. தனியார் வீடுகளில் ஆண்டு மதிப்பு சந்தை வாடகையை ஒட்டியே இருக்கும். இதற்கு 42,000 என்று கொள்வோம். சொத்து வரி படிப்படியாக ஏறும். முதல் 30,000க்கு 12 விழுக்காடு, அதாவது 3,600. அடுத்த 15,000 வெள்ளிக்கு 20 விழுக்காடு. இங்கே அந்தப் படியில் 12,000 மட்டுமே இருப்பதால் 2,400. மொத்தம் 6,000 வெள்ளி. நிர்வாகக் குழுவுக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணம் மாதம் 350, ஆண்டுக்கு 4,200.

இந்த இரண்டு மட்டும் சேர்ந்து 10,200. வாடகையில் 15 விழுக்காடோ 7,200. குளிர்சாதனம், குழாய் எதையும் இன்னும் தொடவே இல்லை. அதற்குள் உண்மைச் செலவு 3,000 வெள்ளி முந்திவிட்டது. சொத்து வரி அறிவிப்பும் பராமரிப்புக் கட்டண பில்லும் யார் கையிலும் இருக்கக்கூடிய தாள்கள். ஆகவே ஒரு வீட்டுக்கு எந்த வழி நல்லது என்று பார்க்க, முதலில் இந்த இரண்டு தாள்களைக் கூட்டினால் போதும். கூட்டுத்தொகை வாடகையில் 15 விழுக்காட்டை நெருங்கினாலே மற்ற ரசீதுகளைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

இது எப்போதும் இவ்வளவு பெரிய இடைவெளியாக இருக்கவில்லை. 15 விழுக்காடு முறை வந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 2015இல் உரிமையாளர் வசிக்காத வீட்டுக்குச் சொத்து வரி முதல் 30,000க்கு 10 விழுக்காடு, அடுத்த படிக்கு 12 விழுக்காடு. இதே 42,000 ஆண்டு மதிப்புக்கு அப்போது 4,440 வெள்ளிதான் வந்திருக்கும். இப்போது 6,000. சொத்து வரி விகிதம் 2023இலும் 2024இலும் ஏறியது. 15 விழுக்காடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே, “போன தடவை 15 விழுக்காடுதான் போட்டோம்” என்று பழக்கத்தில் தொடர்பவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஃபேரர் பார்க் வீட்டுக் கணக்கை முடித்துவிடுவோம். முந்தைய குடியிருப்பாளர் போய்ப் புதியவரைக் கொண்டுவந்த முகவருக்கு 2,000. குளிர்சாதனப் பராமரிப்பு 400. தீக் காப்புறுதி 100. ஓடாமல் போன துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பதிலாக அதே தரத்தில் வேறொன்று, 700. இவற்றை 10,200உடன் கூட்டினால் 13,400. வங்கிக் கடனுக்கு அந்த ஆண்டு கட்டிய வட்டி 18,000. எனவே நிகர வாடகை 48,000 கழித்தல் 13,400 கழித்தல் 18,000, அதாவது 16,600 வெள்ளி. 15 விழுக்காட்டு வழியில் அது 22,800 ஆகியிருக்கும். 6,200 வெள்ளி வித்தியாசம். 11.5 விழுக்காடு வரிப் படியில் இருப்பவருக்கு அது 713 வெள்ளி.

உண்மைச் செலவு வழியில் ரசீது இருப்பதெல்லாம் செலவாகிவிடாது. பழையதை மாற்றுவது வேறு, புதிதாகச் சேர்ப்பது வேறு. துணி துவைக்கும் இயந்திரத்தை அதே தரத்தில் மாற்றினால் கழிக்கலாம். முதன்முதலாக வீட்டுக்கு நாற்காலி, கட்டில், குளிர்சாதனம் வாங்கிப் போட்டால் கழிக்க முடியாது. ஒழுகும் குழாயைச் சரிசெய்தால் பழுதுபார்ப்பு. சமையலறையையே இடித்துப் புதிதாகக் கட்டினால் அது வீட்டை மேம்படுத்தும் முதலீடு. ரசீது இரண்டுக்கும் இருக்கும், நிபுணர் ஒருவரே இரண்டு வேலையையும் ஒரே பில்லில்கூட எழுதித் தருவார். அதனால் வேலை முடிந்த அன்றே பில்லைப் பிரித்து எழுதித் தரச் சொல்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும். சொத்து வரியைத் தாமதமாகக் கட்டியதற்கு வந்த அபராதத்தையும் கழிக்க முடியாது.

காலமும் முக்கியம். உரிமையாளர் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த வீட்டில் தானே வசித்து, ஏப்ரலிலிருந்து வாடகைக்கு விட்டிருந்தால், ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதச் செலவும் வட்டியும்தான் கணக்கில் வரும். 18,000 வட்டி மாதாமாதம் சமமாகக் கட்டப்பட்டிருந்தால் 13,500 மட்டுமே. 15 விழுக்காட்டு வழியை எடுத்தவரும் வட்டியை இப்படித்தான் பிரிக்கவேண்டும். பலர் இங்கே முழு ஆண்டு வட்டியைப் போட்டுவிடுகிறார்கள். சொத்து வரியும் அந்த ஆண்டில் இரண்டு விகிதங்களில் வரும், ஏனென்றால் தானே வசிப்பவருக்கு விகிதம் மிகவும் குறைவு. வீட்டை வாடகைக்கு விட்ட 15 நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் விட்டால் பழைய குறைந்த விகிதத்திலேயே பில் வந்துகொண்டிருக்கும். பிறகு ஒருநாள் மொத்தமாக வித்தியாசம் கேட்டுக் கடிதம் வரும். வாடகை வருமானத்தைக் காட்டிவிட்டு, சொத்து வரியை மட்டும் தானே வசிக்கும் விகிதத்தில் கட்டுபவரைக் கண்டுபிடிப்பது ஆணையத்துக்குக் கடினமான வேலை அல்ல. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அப்பா, அம்மா இருவர் பெயரிலும் வீடு இருந்தால் வாடகையும் பிரியும். கூட்டு உரிமையாளர்களாக இருந்தால் சரிபாதி. தனித்தனிப் பங்காகப் பதிந்திருந்தால் அந்தப் பங்கின்படி. வாடகை யார் வங்கிக் கணக்கில் விழுகிறது என்பது பொருட்டல்ல. அப்பாவின் கணக்குக்கு 42,000 முழுவதும் போனாலும், சரிபாதி வீடு என்றால் பஃப்ளோ ரோடு வீட்டின் 32,100இல் 16,050 அம்மாவின் படிவத்தில் வரவேண்டும். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை என்றால் வருமானத்தின் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லாததால் அவர் பங்குக்கு ஒன்றும் கட்டவேண்டியிருக்காது. ஆனால் அதற்காக அப்பாவின் பங்கையும் அம்மா பெயரில் எழுத முடியாது.

சில ஆண்டுகளில் செலவும் வட்டியும் வாடகையைத் தாண்டிவிடும். அந்தப் பற்றாக்குறையைச் சம்பளத்திலிருந்து கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளவோ அனுமதி இல்லை. நிகர வாடகை பூஜ்யம், அத்துடன் சரி.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை வரவேண்டிய வாடகை 2026 மதிப்பீட்டு ஆண்டின் கணக்கில் வரும். இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கெடு ஏப்ரல் 18. myTax Portal திறந்ததும் சிலருக்கு வாடகைத் தொகை முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அது சரிதானா என்று பார்க்கவேண்டியது உரிமையாளர். 15 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்தவர் வாடகை ஒப்பந்தத்தையும் கடன் வட்டிக்கான அறிக்கையையும் வைத்திருந்தால் போதும். உண்மைச் செலவைக் காட்டியவர் அந்த ரசீதுகளை 5 ஆண்டுகள் பத்திரப்படுத்தவேண்டும். வெப்பத்தாளில் அச்சான கடை ரசீதுகள் அதற்குள் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது.